எச்டிஎம்ஐ முனைகள்: ஸ்டாண்டர்ட், மினி, மைக்ரோ என்று கண்டுபிடித்து சரியான அடாப்டர் வாங்குவது எப்படி

ஒரு கல்யாண நேரலைக்காக மண்டபத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கேமராவை லேப்டாப்பில் இணைக்க வேண்டிய கேபிளை எடுத்துக்கொடுத்த தம்பி, "அண்ணே, இது உள்ள போக மாட்டேங்குதே" என்றான். அவன் கையில் இருந்தது மினி எச்டிஎம்ஐ கேபிள். என் கேமராவில் இருப்பதோ மைக்ரோ. முந்தின நாள் கடையில் "கேமராவுக்கு எச்டிஎம்ஐ கேபிள்" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். அவர்களும் கேமராவுக்கு என்றதும் மினியைக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்துத் தெருக்களில் அலைந்து ஒரு சின்ன அடாப்டர் வாங்கி அன்றைக்குச் சமாளித்தோம். ஆனால் அந்த அடாப்டர்தான் இரண்டே மாதத்தில் கேமராவின் துளையை ஆட்டம் காண வைத்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முனையின் அளவைக் கண்டுபிடிப்பது இதில் பாதி வேலைதான். அந்த அளவுக்குப் பொருந்தும் எத்தனையோ பொருட்களில் எதை வாங்கினால் துளை உடையாமல் இருக்கும், படம் விட்டுவிட்டு வராமல் இருக்கும் என்று தேர்ந்தெடுப்பது மீதிப் பாதி. அந்த வரிசையிலேயே போகலாம்.

முதல் படி: துளையை அளந்து பாருங்கள்

மூன்று அளவுக்கும் எழுத்துப் பெயர்களும் உண்டு. டிவி, மானிட்டர், லேப்டாப்பில் இருக்கும் பெரியது டைப் ஏ. மினி என்பது டைப் சி. மைக்ரோ என்பது டைப் டி. இந்த 'டைப் சி'யையும் யுஎஸ்பி டைப் சி-யையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மினி வந்தது 2006-இல், எச்டிஎம்ஐ 1.3 பதிப்போடு. மைக்ரோ வந்தது 2009-இல், 1.4 பதிப்போடு. மூன்றிலும் உள்ளே 19 தொடுமுனைகள்தான். அதனால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அடாப்டருக்குள் சிப் எதுவும் தேவைப்படுவதில்லை. கம்பியை இங்கிருந்து அங்கே இணைத்தால் போதும். "அடாப்டர் போட்டால் படத்தின் தரம் குறைந்துவிடுமா?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். போகிற தகவல் ஒன்றேதான், அளவு மாறுவதால் படம் மங்காது.

சாதாரண பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளின் உலோக முனையை அகலவாக்கில் அளந்தால் ஸ்டாண்டர்ட் சுமார் 14 மி.மீ. இருக்கும். மினி பத்தரை மி.மீ. அளவில் வரும். மைக்ரோ 6 மி.மீ.-யை ஒட்டி இருக்கும். துளையை அளந்தால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அது இயல்பு. 14, 10, 6 என்று மனதில் வைத்துக்கொண்டால் தடுமாற மாட்டீர்கள்.

மைக்ரோவில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பழைய போன்களில் இருந்த மைக்ரோ யுஎஸ்பி துளையும் கிட்டத்தட்ட அதே அகலம், 7 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு. அவசரத்தில் ஒன்றை மற்றொன்று என்று நினைத்து அழுத்திவிடுவார்கள். போன் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். மைக்ரோ யுஎஸ்பி ஒல்லியாக, தட்டையாக இருக்கும், நடுவில் இருக்கும் நாக்கில் ஐந்து தொடுமுனைகள்தான் தெரியும். மைக்ரோ எச்டிஎம்ஐ அதைவிடத் தடிமன். அதன் நாக்கின் இரண்டு பக்கமும் மயிரிழை போல நெருக்கமாகக் கம்பிகள் வரிசை கட்டி நிற்கும். சின்ன இடத்தில் 19 கம்பிகள் இருப்பதால் அந்த நெருக்கம் பார்த்ததும் தெரிந்துவிடும். பழைய லேப்டாப்களிலும் சில டேப்லெட்களிலும் இருக்கும் மினி டிஸ்ப்ளேபோர்ட்டை மினி எச்டிஎம்ஐ என்று நினைப்பதும் நடக்கும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

அளக்க முடியாவிட்டால் கருவியின் கையேட்டில் பாருங்கள். 'டைப் சி' அல்லது 'டைப் டி' என்று அதில் இருக்கும். ஒரே கம்பெனியின் கேமராக்களிலும் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கம்பெனி பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேனான் 1500டி-யிலும் 80டி-யிலும் மினி. எம்50-யிலும் ஆர்6-லும் மைக்ரோ. நிக்கான் டி5600, இசட்6 இரண்டிலும் மினி, இசட்50-யில் மைக்ரோ. சோனி ஏ6400, ஏ7 III, இசட்வி-இ10 மூன்றிலும் மைக்ரோ, ஆனால் ஏ7எஸ் III, ஏ7 IV இரண்டிலும் ஸ்டாண்டர்டையே வைத்துவிட்டார்கள். வீடியோவுக்கு என்று வரும் உயர்ரக கேமராக்கள் பெரிய துளைக்குத் திரும்பியதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். சின்னத் துளை படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

இரண்டாம் படி: எந்த முனை எந்தப் பக்கம்

கடையில் இதை மேல், ஃபீமேல் என்பார்கள். உள்ளே செருகுவது மேல், குழியாக வாங்கிக்கொள்வது ஃபீமேல். கேமராவிலோ, ராஸ்பெர்ரி பை மாதிரிச் சின்னக் கணினி போர்டிலோ இருப்பது எப்போதும் ஃபீமேல். ஆகவே அங்கே போகும் முனை மேலாகத்தான் இருக்க வேண்டும். மறுபக்கம் என்ன என்பது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கேபிளைப் பொறுத்தது. சாதாரண கேபிள் ஒன்று கையில் இருந்தால் 'மைக்ரோ மேல், ஸ்டாண்டர்ட் ஃபீமேல்' அடாப்டர் வேண்டும். நேராக டிவியில் செருக வேண்டும் என்றால் 'மைக்ரோ மேல், ஸ்டாண்டர்ட் மேல்' கேபிள் வேண்டும். வாங்கும்போது கருவியின் பெயரைச் சொல்லாமல் இந்த மாதிரி இரண்டு முனைகளையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். தம்பிக்கு அன்றைக்கு நான் இதைச் சொல்லி அனுப்பியிருந்தால் அந்த ஓட்டமே வந்திருக்காது.

மூன்றாம் படி: மூன்று வகையில் எது

ஒரே வேலையைச் செய்யும் பொருள் மூன்று வடிவத்தில் விற்கிறது. இதில் எடுக்கும் முடிவுதான் துளையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் வகை கெட்டியான சின்னக் கட்டி. விரல் நுனி அளவில், ஒரு பக்கம் மைக்ரோ மேல், மறுபக்கம் ஸ்டாண்டர்ட் ஃபீமேல். விலை மிகக் குறைவு, பையில் எங்கேயும் அடங்கும். அன்று மண்டபத்துக்குப் பக்கத்தில் நான் வாங்கியது இதுதான். கேமராவில் செருகிப் பார்த்தால் மூன்று நாலு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மறுமுனையில் தடித்த எச்டிஎம்ஐ கேபிள் தொங்கும். நெம்புகோல் போட்டுக் கல்லைப் புரட்டுகிற மாதிரிதான் இதுவும். கேபிளின் எடையும், யாராவது இழுக்கும் இழுப்பும் அந்த நீளத்தால் பெருகி, 6 மி.மீ. துளையைப் போர்டோடு பிடித்து வைத்திருக்கும் ஈயப்பற்றில் போய் விழும். எனக்கு நடந்தது அதுதான். முதலில் கேபிளை அசைத்தால் படம் போய் வந்தது. அப்புறம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால் மட்டும் வந்தது. பிரித்துப் பார்த்தபோது துளையின் உலோகக் கூட்டைப் போர்டில் பிடித்திருந்த கால்களில் இரண்டு பிளந்திருந்தன. கேபிளை இதற்குள் இரண்டு தடவை மாற்றிப் பார்த்திருந்தேன், கோளாறு கேபிளில் இல்லவே இல்லை.

இரண்டாவது வகை, குட்டி வால் அடாப்டர். மைக்ரோ மேலுக்கும் ஸ்டாண்டர்ட் ஃபீமேலுக்கும் நடுவில் 15 முதல் 30 செ.மீ. வரை மெல்லிய, வளையும் கம்பி இருக்கும். கேபிளின் எடை அந்த வாலில் தங்கிவிடும், துளைக்குப் போகாது. வாலைக் கேமரா கூண்டிலோ முக்காலியிலோ ஒரு பட்டியால் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. யாராவது கேபிள் தடுக்கி விழுந்தாலும் ஸ்டாண்டர்ட் முனைகள் சேரும் இடத்தில்தான் கழன்றுகொள்ளும், கேமரா தப்பிக்கும்.

மூன்றாவது, நேரடிக் கேபிள். ஒரு முனை மைக்ரோ, மறுமுனை ஸ்டாண்டர்ட், நடுவில் இணைப்பே இல்லை. ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் கருவிக்கு இதுதான் சிறந்தது. இணைப்பு ஒன்று குறைந்தால் தளர்ச்சிக்கான இடமும் ஒன்று குறைகிறது.

என் கணக்கு இதுதான். அசையும் கருவிக்குக் குட்டி வால், அசையாத கருவிக்கு நேரடிக் கேபிள், கெட்டிக் கட்டி அவசரத்துக்குப் பையில் ஒன்று. எல் வடிவத்தில் வளைந்த அடாப்டர்களும் உண்டு, நீட்டிக்கொண்டு நிற்காது என்பதால் பயனுள்ளவைதான். ஆனால் வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து வாங்க வேண்டும். எச்டிஎம்ஐ முனையைத் தலைகீழாகச் செருக முடியாது. தவறான பக்கம் வளைந்ததை வாங்கினால் கேபிள் கேமராவின் திரையிலேயே போய் முட்டும்.

ஒரு கேமராவை முழுசாக இணைத்துப் பார்ப்போம்

சோனி ஏ6400-ஐ எடுத்துக்கொள்வோம். துளை மைக்ரோ. மறுமுனையில், கேமராவின் படத்தை லேப்டாப்புக்குள் வாங்கித்தரும் கேப்சர் கார்டு, அதில் ஸ்டாண்டர்ட் ஃபீமேல். நடுவில் நாலைந்து மீட்டர் தூரம். இதற்கு நான் வைப்பது 20 செ.மீ. குட்டி வால் ஒன்று, அதன் பிறகு 5 மீட்டர் சாதாரண ஸ்டாண்டர்ட் கேபிள்.

கேமராவை அணைத்துவிட்டு பக்கத்து ரப்பர் மூடியைத் திறந்து, மைக்ரோ முனையின் அகலமான பக்கமும் துளையின் அகலமான பக்கமும் ஒன்றாக இருக்கும்படி பிடித்து நேராகத் தள்ளுங்கள். ஆட்டி ஆட்டித் தள்ளக் கூடாது. கடைசியில் லேசாக ஒரு பிடிப்பு தெரியும், அதுவரை போக வேண்டும். உலோகம் வெளியே தெரிந்தால் முழுசாகப் போகவில்லை என்று அர்த்தம். உடனே வாலை முக்காலிக் கைப்பிடியில் கட்டுங்கள். அதற்குப் பிறகுதான் நீளக் கேபிளைச் சேர்க்க வேண்டும்.

கேமராவை இயக்கி மெனுவில் `HDMI Settings` போங்கள். அதற்குள் `HDMI Resolution` என்பதை 1080p-க்கு மாற்றுங்கள், `HDMI Info. Display` என்பதை `Off` ஆக்குங்கள். இரண்டாவதைச் செய்யாவிட்டால் பேட்டரி அளவு, ஃபோகஸ் கட்டம் எல்லாம் மாப்பிள்ளையின் முகத்தின் மேல் சேர்ந்தே நேரலையில் போகும். அடாப்டரைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்கிறவர்களில் சிலருக்கு உண்மையான பிரச்சினை இந்த ஒரு மெனு வரிதான்.

1080p, வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் வால், கேபிள் இரண்டும் சேர்ந்தும் தாங்கும். 4கே, 60 ஃபிரேம் என்றால் ஓட வேண்டிய தகவல் நாலு மடங்கு. அப்போது வாலும் நீளக் கேபிளும் சேரும் இடம் பலவீனமாகிவிடும். அது தாங்கவில்லை என்பதைப் படமே காட்டும். கருப்பான பகுதிகளில் வெள்ளை, நீலப் புள்ளிகள் மின்னும், இல்லாவிட்டால் சில வினாடிக்கு ஒருமுறை திரை கருப்பாகி மீண்டும் வரும். அந்த இடத்தில் கேபிளைச் சுருக்குங்கள், இணைப்பைக் குறையுங்கள், அட்டையில் `Premium High Speed` அல்லது `Ultra High Speed` என்ற முத்திரை உள்ள கேபிளுக்கு மாறுங்கள். முதலாவது வினாடிக்கு 18 கிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்டது, 4கே 60-க்கு அதுவே போதும். "2.0 கேபிள்", "2.1 கேபிள்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள், ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ராஸ்பெர்ரி பை மாதிரிச் சின்ன போர்டுகள்

ராஸ்பெர்ரி பை 3 வரை பெரிய போர்டுகளில் ஸ்டாண்டர்ட் துளைதான். 2015-இல் வந்த பை ஜீரோவும் அதன் பின் வந்த ஜீரோ டபிள்யூ, ஜீரோ 2 டபிள்யூ எல்லாமும் மினி. 2019-இல் வந்த பை 4, விசைப்பலகைக்குள்ளேயே இருக்கும் பை 400, 2023-இல் வந்த பை 5 எல்லாவற்றிலும் இரண்டு மைக்ரோ துளைகள். பை 3-இலிருந்து பை 4-க்கு மாறும் பள்ளிக்கூட ஆய்வகங்கள் மானிட்டர் கேபிளை மாற்ற வேண்டி வருவது இதனால்தான். பத்து போர்டு இருந்தால் பத்து கட்டி அடாப்டர் வாங்கலாம் என்று தோன்றும். வேண்டாம். போர்டின் எடை ஐம்பது கிராமுக்கும் குறைவு, மானிட்டர் கேபிளின் விறைப்பே அதைத் தூக்கி நிறுத்திவிடும், அந்த இழுவை முழுசும் துளையில்தான் விழும். 1 மீட்டர் அல்லது 2 மீட்டர் மைக்ரோ-ஸ்டாண்டர்ட் நேரடிக் கேபிள் வாங்குங்கள்.

வாங்கும்போது மைக்ரோ முனையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். பை 4-இல் இரண்டு துளைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தடித்த பிளாஸ்டிக் இருந்தால் இரண்டாவது கேபிள் ஏறாது. போர்டைப் பெட்டிக்குள் வைத்தாலும் இதே தொல்லை. பெட்டியின் ஜன்னலில் பிளாஸ்டிக் முட்டி, முனை ஒரு மி.மீ. வெளியிலேயே நின்றுவிடும். பார்த்தால் செருகிய மாதிரித்தான் இருக்கும், மானிட்டர் மட்டும் `No Signal` காட்டும். பெட்டியைக் கழற்றிவிட்டு ஒருமுறை செருகிப் பாருங்கள். படம் வந்துவிட்டால் போர்டில் கோளாறு ஒன்றும் இல்லை, ஜன்னலைத்தான் அகலப்படுத்த வேண்டும்.

பை 4-இல் ஒரே மானிட்டர்தான் என்றால் `HDMI0` என்று அச்சிட்ட துளையில் செருகுங்கள், மின்சாரத்துக்கான யுஎஸ்பி-சி துளைக்கு அடுத்திருப்பது அதுதான். முதலில் மானிட்டர், பிறகு போர்டு என்ற வரிசையில் இயக்குங்கள். அப்படியும் படம் இல்லை, ஆனால் நெட்வொர்க் வழியாக உள்ளே போக முடிகிறது என்றால் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
cat /sys/class/drm/*HDMI*/status
```

ஒவ்வொரு துளைக்கும் ஒரு வரி வரும். நீங்கள் செருகிய துளைக்கு `disconnected` என்று வந்தால் மானிட்டர் அங்கே இருப்பதே போர்டுக்குத் தெரியவில்லை, அதாவது கேபிளோ அடாப்டரோ சரியாகத் தொடவில்லை. `connected` என்று வந்தும் படம் இல்லை என்றால் மானிட்டர் எந்த உள்ளீட்டில் இருக்கிறது, எந்தத் தெளிவுத்திறனைக் கேட்கிறது என்று பாருங்கள். பை 4-இல் 4கே 60 வேண்டும் என்றால் `/boot/firmware/config.txt` கோப்பில் இந்த வரியும் வேண்டும்:

```
hdmi_enable_4kp60=1
```

அதுவும் `HDMI0`-இல் மட்டும்தான் கிடைக்கும். இந்த வரி இல்லாமல் எவ்வளவு விலை உயர்ந்த கேபிள் போட்டாலும் 30-இல்தான் நிற்கும்.

பழைய விஜிஏ மானிட்டருக்கு இணைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ போக வெறும் கம்பி மாற்றம் போதாது, டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஆக்கும் சிப் உள்ள அடாப்டர் வேண்டும். முடிந்தால் தனியாக மின்சாரம் கொடுக்க ஒரு யுஎஸ்பி வால் உள்ளதை வாங்குங்கள். எச்டிஎம்ஐ துளையிலிருந்து வரும் 5 வோல்ட் இணைப்பில் மிகக் கொஞ்சம் மின்சாரம்தான் எடுக்க முடியும்.

டேப்லெட்களில் கவனம்

2012-ஐ ஒட்டி வந்த சில டேப்லெட்களில், உதாரணமாக நெக்ஸஸ் 10-இல், நேரடியாக மைக்ரோ எச்டிஎம்ஐ துளை இருந்தது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் மேலே கேமராவுக்குச் சொன்னதேதான்.

இப்போது வரும் டேப்லெட்களில் பெரும்பாலானவற்றில் எச்டிஎம்ஐ துளையே கிடையாது, இருப்பது யுஎஸ்பி-சி. இங்கேதான் பணம் வீணாகிறது, ஏனென்றால் துளையின் வடிவம் எதையும் சொல்லாது. யுஎஸ்பி-சி வழியாகப் படம் போக வேண்டும் என்றால் டேப்லெட்டுக்குள் டிஸ்ப்ளேபோர்ட் வெளியீடு இருக்க வேண்டும். யுஎஸ்பி-சி உள்ள ஐபேட்களில் அது இருக்கிறது. சாம்சங்கில் டேப் எஸ்8-இல் இருக்கிறது, டேப் எஸ்6 லைட்டில் இல்லை. துளை இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே அடாப்டர் தேடுவதற்கு முன்னால் டேப்லெட்டின் விவரப்பட்டியலில் `DisplayPort` என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாதாரண யுஎஸ்பி-சி எச்டிஎம்ஐ அடாப்டர் எதுவும் அங்கே வேலை செய்யாது, சார்ஜ் மட்டும்தான் ஏறும். மைக்ரோ யுஎஸ்பி டேப்லெட்டுக்கு என்று விற்கும் எச்டிஎம்ஐ கேபிள்களும் அப்படித்தான். மைக்ரோ யுஎஸ்பி வழியாகப் படம் அனுப்பும் எம்எச்எல் மாதிரி வசதி கருவியிலேயே இருந்தால் மட்டுமே படம் வரும்.

இன்னொன்று, இந்த அடாப்டர்கள் ஒரு திசையில்தான் வேலை செய்யும். யுஎஸ்பி-சி முனையை டேப்லெட்டிலும் எச்டிஎம்ஐ முனையை டிவியிலும் போட்டால் படம் வரும். கேமராவின் எச்டிஎம்ஐ-யை டேப்லெட்டுக்குள் கொண்டுவந்து அதை மானிட்டராக்கலாம் என்று நினைத்து இதையே திருப்பிப் போட்டால் எதுவும் தெரியாது. அதற்குக் கேப்சர் கார்டு என்ற வேறு பொருள் வேண்டும்.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டியது

புது அடாப்டரை முதல் நாளே சோதித்துவிடுங்கள். செருகி, படம் வந்ததும், கேபிளை அடாப்டருக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். படம் ஒருமுறைகூடத் துடிக்கக் கூடாது. துடித்தால், கருவியின் அதே துளையில் வேறொரு அடாப்டரையோ நேரடிக் கேபிளையோ போட்டு அசையுங்கள். இரண்டாவதில் துடிக்கவில்லை என்றால் அடாப்டரைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டிலும் துடித்தால் துளையின் ஈயப்பற்று போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கருவியை அதற்கு மேல் பயன்படுத்தாமல், சின்ன துளைகளை மாற்றிப் பற்றவைக்கும் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். ஆட்டம் கண்ட துளையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் போர்டிலிருக்கும் செம்புத் தடமே உரிந்து வந்துவிடும், பிறகு மாற்றுவதும் கடினம்.

சோதனை முடிந்ததும் வெள்ளை ஒட்டுத்தாளில் 'மைக்ரோ – ஏ6400', 'மினி – பை ஜீரோ' என்று எழுதி வால் மேல் சுற்றி ஒட்டி வைக்கிறேன். மண்டபத்து மங்கிய வெளிச்சத்தில் 6 மி.மீ.-க்கும் பத்தரை மி.மீ.-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தம்பி இப்போதெல்லாம் கண்ணால் தேட வேண்டியதில்லை.